லாபப் பங்கு அட்டவணை காணாத டீடில் புது பார்ட்னருக்கு என்ன பங்கு?

பார்ட்னர்ஷிப் டீடில் பணத்தைப் பற்றிப் பேசும் வரி பெரும்பாலும் ஒன்றுதான் இருக்கும். "நிறுவனத்தின் லாப நஷ்டங்களைப் பங்குதாரர்கள் இத்துடன் இணைக்கப்பட்ட இரண்டாம் அட்டவணையில் கண்ட விகிதப்படி பிரித்துக்கொள்ள வேண்டியது." படித்துவிட்டுக் கடைசிப் பக்கத்துக்குப் போனால் முதல் அட்டவணை இருக்கிறது, யார் எவ்வளவு முதல் போட்டார்கள் என்று. இரண்டாம் அட்டவணை இல்லை. சாட்சிக் கையெழுத்தோடு பத்திரம் முடிந்துவிடுகிறது.

புதிதாகச் சேர்ந்தவர் இதைக் கேட்டால் வரும் பதிலும் அநேகமாக ஒன்றுதான். "உனக்கு இருபது பர்சென்ட்னு அன்னைக்கே பேசியாச்சே மாப்ள, பேப்பர்ல என்ன இருக்கு?" சொல்பவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனாலும் பேப்பரில் என்ன இருக்கிறது, இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைப் புது பார்ட்னர் முழுசாகத் தெரிந்துகொள்ள வேண்டும், அதுவும் முதல் வருஷக் கணக்கில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால்.

ஒரு கற்பனை உதாரணத்தை வைத்துக்கொண்டு போவோம். ஈரோட்டில் பெட்ஷீட், துண்டு மொத்த வியாபாரம். 2011-இல் மாமாவும் அவருடைய நண்பரும் ஆரம்பித்தது, அப்போது பங்கு 60-க்கு 40. 2023 ஏப்ரல் 1 முதல் மாமாவின் அக்கா மகன் 10 லட்சம் போட்டு மூன்றாவது பார்ட்னராகச் சேர்கிறார். இப்போது முதல் கணக்கு மாமாவுக்கு 30 லட்சம், நண்பருக்கு 10 லட்சம், மருமகனுக்கு 10 லட்சம். புது டீடு எழுதியாயிற்று, எல்லாரும் கையெழுத்துப் போட்டாயிற்று, இரண்டாம் அட்டவணை மட்டும் இல்லை.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி "என் பங்கு எவ்வளவு" என்பது இல்லை. அந்தப் பக்கம் தொலைந்ததா, அல்லது எழுதப்படவே இல்லையா என்பதுதான் முதல் கேள்வி. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், சட்டத்தில் இரண்டுக்கும் வழி வேறு. தொலைந்தது என்றால் ஒப்பந்தம் இருக்கிறது, அதற்கான அத்தாட்சிதான் கையில் இல்லை. நகலைக் காட்டியோ வேறு ஆவணங்களைக் காட்டியோ அதை நிரூபிக்கலாம், மூலப் பத்திரம் தொலைந்த நிலையில் சாட்சியச் சட்டமே அதற்கு இடம் கொடுக்கிறது. எழுதப்படவே இல்லை என்றால் வாய்ப்பேச்சு, நடந்துகொண்ட விதம், அதுவும் இல்லாவிட்டால் சட்டம் சொல்லும் பொது விதி என்று படிப்படியாகக் கீழே இறங்க வேண்டியிருக்கும்.

பத்திரத்தைக் கையில் எடுத்துப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். பக்க எண் எப்படிப் போட்டிருக்கிறது? 8 பக்கம் என்று எங்காவது குறித்திருந்து கையில் 7 இருந்தால் ஒரு பக்கம் கழன்றிருக்கிறது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்து இருக்கிறதா, ஸ்டேப்ளர் பிரித்துத் திரும்பப் போட்ட ஓட்டை தெரிகிறதா, நோட்டரி முத்திரை எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்றும் பாருங்கள். எண் ஒழுங்காகப் போய் சாட்சிக் கையெழுத்தில் முடிந்தால், பெரும்பாலும் பக்கம் தொலையவில்லை, டைப் செய்தபோதே விட்டுப்போனது. பழைய டீடின் சாஃப்ட் காப்பியை எடுத்துப் பெயரையும் தேதியையும் மாற்றி அடிக்கும்போது இப்படி ஆகும். பழைய விகிதம் இரண்டு பேருக்கானது, இனி பொருந்தாது என்று அந்த அட்டவணையை நீக்கிவிட்டு, புதியதை அப்புறம் சேர்க்கலாம் என்று விட்டிருப்பார்கள்.

அடுத்தது தேடல். டீடின் நகல் ஒரு இடத்தில் மட்டும் இருக்காது. பேங்கில் கரண்ட் அக்கவுண்டுக்கோ கேஷ் கிரெடிட்டுக்கோ கொடுத்த நகல் இருக்கும், ஜிஎஸ்டி பதிவில் ஏற்றிய நகல் இருக்கும், ஆடிட்டர் ஆபீஸ் ஃபைலில் ஒன்று இருக்கும். இவற்றில் ஏதாவது ஒன்றில் அந்த அட்டவணைப் பக்கம் கையெழுத்தோடு இருந்தால் பிரச்சினை அங்கேயே முடிந்தது.

பக்கமே கிடைக்காவிட்டாலும் விகிதம் வேறு இடங்களில் பதிந்திருக்கும். பார்ட்னர்ஷிப் ஃபர்ம் தாக்கல் செய்யும் வருமான வரி ரிட்டர்ன் ஐடிஆர்-5. அதில் ஒவ்வொரு பார்ட்னரின் பெயருக்கு எதிரிலும் பங்கு எத்தனை சதவீதம் என்று எழுத இடம் உண்டு. வரித் தணிக்கை செய்யும் அளவுக்கு வியாபாரம் இருந்தால், தணிக்கை அறிக்கையின் 3சிடி படிவத்தில் 9-ஆவது கூறில் பார்ட்னர்களின் பெயரும் லாப விகிதமும் இருக்கும், அந்த வருஷத்தில் விகிதம் மாறியிருந்தால் அந்த மாற்றமும் இருக்கும். பார்ட்னர்கள் தனித்தனியாகப் போடும் ஐடிஆர்-3-லும் ஃபர்மில் தன் பங்கு எவ்வளவு என்று காட்டும் அட்டவணை ஒன்று உண்டு. இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்றிலும் ஒரே எண் என்றால் நல்லது. ஃபர்மின் ரிட்டர்னில் 20 என்றும் மாமாவின் சொந்த ரிட்டர்னில் வேறு கணக்கும் இருந்தால், விகிதம் எல்லாருக்கும் ஒரே மாதிரி புரிந்திருக்கவில்லை என்று அர்த்தம்.

பலர் முதலில் ஓடும் இடம் ஃபர்ம்களைப் பதிவு செய்யும் மாவட்டப் பதிவாளர் அலுவலகம். அங்கே விகிதம் கிடைக்கும் என்று எண்ணிப் போகாதீர்கள். 1932-ஆம் வருட இந்தியப் பங்காண்மைச் சட்டத்தின் 58-ஆவது பிரிவு பதிவுக்காகக் கேட்பது ஃபர்மின் பெயர், வியாபாரம் நடக்கும் இடம், பார்ட்னர்களின் பெயர், முகவரி, ஒவ்வொருவரும் சேர்ந்த தேதி, எவ்வளவு காலத்துக்கு என்பது போன்றவற்றைத்தான். லாப விகிதம் அந்தப் பட்டியலில் இல்லை. டீடின் நகலையும் சேர்த்துக் கொடுத்திருந்தால் ஒழியப் பதிவேட்டைப் புரட்டி விகிதம் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் அந்தப் பதிவேடு வேறு ஒரு விஷயத்துக்கு மிக மிக முக்கியம், அதற்குக் கடைசியில் வருகிறேன்.

சரி, எங்கேயும் இல்லை, எழுதப்படவே இல்லை என்று தெரிந்துவிட்டது. இப்போது சட்டம் என்ன சொல்கிறது? 13-ஆவது பிரிவு: பார்ட்னர்களுக்குள் வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் லாபத்தைச் சமமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும், நஷ்டத்தையும் சமமாகத் தாங்க வேண்டும். பிளஸ் டூ கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு இது ஞாபகம் இருக்கும், "கூட்டாண்மை ஒப்பாவணம் இல்லாதபோது" என்று வரும் பகுதி. இதைக் கேட்டதும் நிறையப் பேருக்கு நம்ப முடிவதில்லை, ஏனென்றால் முதல் போட்ட அளவுக்கு லாபம் என்பதுதான் நம் மனதில் இருக்கும் நியாயம். 30 லட்சம் போட்டவரும் 10 லட்சம் போட்டவரும் சமமா? ஆமாம், வேறு ஒப்பந்தம் இல்லை என்றால் சமம்தான். முதல் அட்டவணையில் இருக்கும் முதலீட்டு விகிதத்தை எடுத்து லாப விகிதமாக வைத்துக்கொள்ளச் சட்டம் சொல்லவில்லை. முதலீட்டுக்கு வட்டி கூட டீடில் எழுதியிருந்தால்தான் உண்டு, அப்படி எழுதியிருந்தாலும் பொதுவாக லாபத்திலிருந்துதான் கொடுக்க வேண்டும். சம்பளமும் அப்படியே, டீடில் இல்லாவிட்டால் முழு நாளும் கடையில் நிற்பவருக்கும் சட்டப்படி சம்பளம் கிடையாது.

உதாரணத்துக்கு வருவோம். வட்டி, சம்பளம், வரி எல்லாம் போக அந்த வருஷம் பிரிக்க மிஞ்சியது 9 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 3 லட்சம். முதலீட்டுப்படி பிரித்தால் மாமாவுக்கு 5.4 லட்சம், நண்பருக்கும் மருமகனுக்கும் 1.8 லட்சம் வீதம். பேசியது 20 சதவீதம் என்றால் மருமகனுக்கு அதே 1.8 லட்சம்.

இங்கேதான் யாரும் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. மருமகனுக்கு 20 என்று மூன்று பேரும் ஒத்துக்கொண்டாலும் விகிதம் முடிவாகிவிடவில்லை. அந்த 20 யாருடைய பங்கிலிருந்து வந்தது? மாமா தன் அக்கா மகனுக்காகத் தன் 60-லிருந்து முழுசாக விட்டுக்கொடுத்தாரா, அப்படியானால் 40, 40, 20. இரண்டு பேரும் அவரவர் பங்குக்கு ஏற்ப விட்டுக்கொடுத்தார்களா, அப்படியானால் 48, 32, 20. முதலில் சொன்ன விகிதத்தில் நண்பருக்கு 3.6 லட்சம், இரண்டாவதில் 2.88 லட்சம். மருமகனுக்கு இரண்டிலும் 1.8 லட்சம்தான், அதனால் அவர் இதைக் கேட்கத் தோன்றாமல் இருப்பார். ஆனால் இரண்டு வருஷம் கழித்து நண்பர் "அவன் உங்க ஆளு, உங்க பங்குல இருந்துதானே கொடுத்தீங்க" என்று சொல்லும் நாளில் அந்தச் சண்டை நடுவில் நிற்பவர் மருமகன்தான். வாய்ப்பேச்சில் இருந்தது "உனக்கு 20" என்ற ஒரே எண். அட்டவணையில் இருக்க வேண்டியது மூன்று எண்கள். குட்வில், அதாவது கடை சம்பாதித்த நல்ல பெயருக்கான விலை, என்று மருமகன் தனியாக ஏதாவது கொடுத்திருந்தால் அதை யார் எடுத்துக்கொள்வது என்பதும் இந்த விட்டுக்கொடுத்த கணக்கைப் பொறுத்ததுதான், அதனால் இது வெறும் மனத்தாங்கல் விஷயம் இல்லை.

அப்புறம் நஷ்டம். சமப் பங்கு என்றதும் புதியவருக்கு ஆதாயம் என்று தோன்றும், 1.8 லட்சத்துக்குப் பதில் 3 லட்சம் வருகிறதே என்று. ஒரு பெரிய வாடிக்கையாளர் பணம் தராமல் போய் அடுத்த வருஷம் 9 லட்சம் நஷ்டம் என்றால்? 20 சதவீதம் என்றால் அவருடைய 10 லட்சம் முதல் 8.2 லட்சமாகும். சமம் என்றால் 7 லட்சமாகும். லாபத்துக்கு எந்த விதியோ நஷ்டத்துக்கும் அதேதான், லாபத்தில் சமம், நஷ்டத்தில் 20 என்று தனியாக எழுதாமல் சொல்ல முடியாது. இதெல்லாம் பார்ட்னர்களுக்குள் இருக்கும் கணக்கு மட்டும்தான். வெளியே கடன் கொடுத்தவருக்கு இந்த விகிதத்தைப் பற்றிக் கவலையே இல்லை, 25-ஆவது பிரிவின்படி ஒருவர் பார்ட்னராக இருந்த காலத்தில் ஃபர்ம் செய்த காரியங்களுக்கு முழுத் தொகையையும் அந்த ஒருவரிடமே கேட்கலாம். அவர் கொடுத்துவிட்டு மற்ற இருவரிடமும் வாங்க வேண்டியதற்குத்தான் விகிதம் உதவும். 2023 ஏப்ரலுக்கு முந்தைய கடன்களுக்குப் புதியவர், தானாகப் பொறுப்பேற்றுக்கொண்டால் ஒழிய, பொறுப்பு இல்லை என்பது 31-ஆவது பிரிவு. அதனால் அவர் சேர்ந்த தேதி டீடில் தெளிவாக இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

சமம் என்ற விதிக்கு முன்னால் ஒரு படி இருக்கிறது என்று சொன்னேன். 11-ஆவது பிரிவின்படி பார்ட்னர்களுக்கு இடையேயான ஒப்பந்தம் எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்றில்லை, அவர்கள் தொடர்ந்து நடந்துகொண்ட விதத்திலிருந்தும் அதை எடுத்துக்கொள்ளலாம். அதாவது மூன்று வருஷமாக 48, 32, 20 என்று லாபத்தை அவரவர் கேப்பிட்டல் கணக்கில் வரவு வைத்து, அந்த பேலன்ஸ் ஷீட்டில் மூன்று பேரும் கையெழுத்துப் போட்டு, அதே எண்ணை ரிட்டர்னிலும் காட்டியிருந்தால், "அட்டவணை இல்லை, அதனால் எனக்கு மூன்றில் ஒரு பங்கு வேண்டும்" என்று நான்காவது வருஷம் கேட்பது மிகவும் கடினம். அதே காரணத்தால்தான் முதல் வருஷக் கணக்கு இத்தனை முக்கியம். ஆடிட்டர் ஆபீஸில் இருந்து பேலன்ஸ் ஷீட் வரும், கடைசி நேர அவசரத்தில் "இங்கே ஒரு கையெழுத்து" என்பார்கள். அந்தத் தாளில் பார்ட்னர்களின் கேப்பிட்டல் கணக்குப் பக்கத்தைத் திருப்பி, லாபப் பங்கு என்ற வரியில் உங்கள் தொகையை மொத்த லாபத்தால் வகுத்துப் பாருங்கள். வருவதுதான் உங்கள் விகிதம் என்று நீங்களே எழுதிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

மாதாமாதம் கடையிலிருந்து எடுக்கும் பணத்தை வைத்து விகிதத்தை முடிவு செய்யாதீர்கள், அது டிராயிங்ஸ். மாமா 50,000 எடுக்கிறார், நான் 25,000 எடுக்கிறேன், அப்படியானால் என் பங்கு அவருடையதில் பாதி என்று கணக்குப் போடுவது தவறு. வருஷக் கடைசியில் லாபம் வரவான பிறகு அது கழிக்கப்படும், அவ்வளவுதான்.

அட்டவணை இல்லாததால் உடனடியாகப் பணம் போகும் இடம் ஒன்று இருக்கிறது, அது வருமான வரி. 1961 வருமான வரிச் சட்டத்தின் 184-ஆவது பிரிவு ஃபர்முக்கு இரண்டு நிபந்தனை வைத்தது: பார்ட்னர்ஷிப் எழுத்துப்பூர்வமான ஆவணத்தில் இருக்க வேண்டும், ஒவ்வொருவரின் பங்கும் அந்த ஆவணத்திலேயே குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும். எல்லா பார்ட்னர்களும் சான்றளித்த நகலை முதல் ரிட்டர்னோடும், அப்புறம் விகிதமோ ஆட்களோ மாறும்போதும் கொடுக்க வேண்டும். இதில் தவறினால் பார்ட்னர்களுக்குக் கொடுத்த வட்டியையும் சம்பளத்தையும் ஃபர்மின் செலவாகக் கழிக்க விடமாட்டார்கள். (2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் வருடச் சட்டம் வந்துவிட்டதால் பிரிவு எண்கள் மாறிவிட்டன, ஆடிட்டரிடம் எண்ணைச் சொல்லாமல் விஷயத்தைச் சொல்லிக் கேளுங்கள்.)

நம் உதாரணத்தில் 12 சதவீத வட்டி 50 லட்சத்துக்கு 6 லட்சம். கடையில் வேலை பார்க்கும் நண்பருக்கும் மருமகனுக்கும் சம்பளம் சேர்த்து 8 லட்சம். ஆக 14 லட்சம். இதைக் கழிக்க முடியாது என்று அதிகாரி சொன்னால் அதன் மேல் ஃபர்ம் 30 சதவீத வரியும் அந்த வரியின் மேல் 4 சதவீத செஸ்ஸும் கட்ட வேண்டும், 4,36,800 ரூபாய். அந்த 14 லட்சத்துக்குப் பார்ட்னர்கள் தனியாக வரி கட்ட வேண்டியிருக்காது என்பது உண்மைதான், ஆனால் அவர்கள் அதைவிடக் குறைந்த வரி விகிதத்தில் இருந்திருந்தால் அந்த வித்தியாசம் சுத்த நஷ்டம். பிரிக்க இருந்த 9 லட்சத்தில் கிட்டத்தட்ட பாதி ஒரு பக்கம் இல்லாததால் போகக்கூடும். "எங்களுக்குள்ள சண்டை இல்ல, அட்டவணை எதுக்கு" என்று சொல்லும் வீட்டிலும் இந்தச் செலவு வரலாம்.

இதைச் சரிசெய்யும்போது செய்யக் கூடாத காரியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுதான் சுலபமாகத் தோன்றும். புதிதாக ஒரு தாளில் அட்டவணையை அடித்து, பழைய தேதியைப் போட்டு, கையெழுத்து வாங்கி, பழைய டீடோடு சேர்த்து ஸ்டேப்ளர் அடிப்பது. நிறைவேறிய பத்திரத்தில் அப்புறம் பக்கம் சேர்ப்பது பத்திரத்தைத் திருத்துவது. பேங்கிலும் ஜிஎஸ்டியிலும் அந்தப் பக்கம் இல்லாத நகல் இருக்கிறது, இரண்டையும் ஒப்பிட்டால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். அன்றைக்கு உண்மையான 20 சதவீதத்தையும் யாரும் நம்பமாட்டார்கள்.

முறையான வழி ஒரு துணைப் பத்திரம். இன்றைய தேதியில், முத்திரைத்தாளில், மூன்று பேரும் கையெழுத்திட்டு எழுதுவது. அதில் இருக்க வேண்டியது அதிகமில்லை. இன்ன தேதியிட்ட டீடின் இன்ன ஷரத்தில் சொல்லப்பட்ட இரண்டாம் அட்டவணை இணைக்கப்படாமல் விடுபட்டுவிட்டது. 2023 ஏப்ரல் 1 முதலே பார்ட்னர்கள் ஒத்துக்கொண்டு நடந்து வரும் விகிதம் இது. லாபத்துக்கும் நஷ்டத்துக்கும் இதுவே பொருந்தும். பிறகு மூன்று பெயர், மூன்று சதவீதம், கூட்டினால் 100. விகிதத்தை அட்டவணையில் போடாமல் ஷரத்துக்குள்ளேயே எழுதிவிடுவது இன்னும் நல்லது, ஷரத்து கழன்று விழாது. முன்பே நடந்ததை ஒப்புக்கொள்வது வேறு, முன்பு ஒரு விகிதத்தில் பிரித்துவிட்டு இப்போது வேறு விகிதம் அன்றிலிருந்தே இருந்ததாக எழுதுவது வேறு. இரண்டாவதைச் செய்யாதீர்கள். விகிதத்தை மாற்ற வேண்டும் என்றால் இனி வரும் தேதியிலிருந்து மாற்றுங்கள், அதற்கு எல்லாருடைய சம்மதமும் வேண்டும், இரண்டு பேர் சேர்ந்து மூன்றாவது ஆளின் பங்கை மாற்ற முடியாது. கடந்த வருஷங்களுக்கு வரித்துறை இந்தத் துணைப் பத்திரத்தை ஏற்றுக்கொள்ளும் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. வரும் வருஷங்களுக்குச் சான்றளித்த நகலோடு கொடுத்துவிட்டால் அந்த ஓட்டை அடைபடும்.

மாமா துணைப் பத்திரத்துக்கு நேரம் கேட்கிறார், நண்பர் ஆடிட்டர் வரட்டும் என்கிறார், நாள் போகிறது என்றால், அதுவரை மருமகன் செய்யக்கூடியது கணக்குப் புத்தகத்தைப் பார்ப்பது. 12-ஆவது பிரிவு எந்த பார்ட்னருக்கும் புத்தகங்களைப் பார்க்கவும் நகல் எடுத்துக்கொள்ளவும் உரிமை கொடுக்கிறது, பங்கு 20 ஆனாலும் 2 ஆனாலும். 2023-24 முதல் கேப்பிட்டல் கணக்குகள், ரிட்டர்ன், தணிக்கை அறிக்கை, எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வைத்துக்கொள்ளலாம். மனஸ்தாபம் வரும் என்று தயங்கினால், வரிக் கணக்குக்கு வேண்டும் என்று கேளுங்கள், அது பொய்யும் இல்லை, உங்கள் ஐடிஆர்-3-க்கு அந்த விவரங்கள் உண்மையிலேயே வேண்டும்.

இப்போது அந்தப் பதிவேடு. 69-ஆவது பிரிவின்படி, டீடினால் வரும் உரிமையைக் கேட்டு ஒரு பார்ட்னர் ஃபர்ம் மேலோ மற்ற பார்ட்னர்கள் மேலோ வழக்குப் போட வேண்டுமானால் ஃபர்ம் பதிவாகியிருந்தால் மட்டும் போதாது, வழக்குப் போடுபவரின் பெயரும் பார்ட்னர் என்று பதிவேட்டில் இருக்க வேண்டும். 2011-லேயே ஃபர்ம் பதிவாகியிருக்கிறது, எல்லாரும் நிம்மதியாக இருக்கிறார்கள், ஆனால் 2023-இல் மூன்றாவது ஆள் சேர்ந்ததை யாரும் பதிவாளருக்குத் தெரிவிக்கவில்லை. அப்படியானால் பதிவேட்டில் இன்னும் இரண்டு பெயர்தான். 10 லட்சம் போட்டவர், கையெழுத்தான டீடும் வைத்திருக்கிறார், ஆனாலும் ஃபர்ம் நடந்துகொண்டிருக்கும்போது "என் 20 சதவீதத்தைக் கொடு" என்று கோர்ட்டில் கேட்க அவருக்கு வழி இல்லை. ஃபர்மைக் கலைக்கச் சொல்லியோ கலைந்த ஃபர்மின் கணக்கைக் கேட்டோ போகலாம், அதாவது வியாபாரத்தை முடிக்கத்தான் போகலாம், நடத்திக்கொண்டே பங்கு கேட்க முடியாது. சேர்க்கையைத் தெரிவிக்கும் அறிவிப்பு ஒரு படிவமும் சிறிய கட்டணமும்தான். துணைப் பத்திரத்தில் கையெழுத்தாகும் அதே நாளில் இந்த அறிவிப்பிலும் கையெழுத்து வாங்கிவிடுங்கள், பதிவேட்டில் மூன்று பெயரோடு சான்றிட்ட நகல் கைக்கு வரும்வரை அதை விடாமல் கேட்டுக்கொண்டே இருங்கள்.